தனம் ஊற்றிய கப் தயிர்

கை சுத்தமில்லாதவள் என்று என்னை யாராவது சொன்னால் முன்பெல்லாம் சண்டைக்குப் போவேன். சும்மா சண்டை இல்லை, பக்கத்துத் தெருவுக்கும் கேட்கிற சண்டை. இப்போது அப்படிச் சொல்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வயிறு பற்றி எரிகிறது. ஆனாலும் பேசக் கூடாது என்று ஆகிவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், புதிதாக மனை பிரித்துப் போட்டிருந்த இடத்தில் மல்லிநாதன் நைனார் தயிர் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்று நாங்கள்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அவர் வீட்டை ஒட்டி, சிமெண்ட் ஷீட் போட்ட கட்டடம். பால் காய்ச்ச ஒரு அறை, தயிர் ஊற்ற ஒரு அறை, குளிர் பெட்டிக்கு ஒரு அறை, அவ்வளவுதான். தொண்ணூறுகளில் பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டம் மாசத்துக்கு மாசம் ஜாஸ்தியாகிக்கொண்டே போனது. லாட்ஜ், மெஸ், பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை எல்லோரும் கப் தயிர் கேட்டார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் பால் வரும். தயிராகித் திருவண்ணாமலை முழுக்கப் போகும்.

நைனார் குடும்பம் சமணக் குடும்பம். பூச்சி புழுவைக்கூட மிதிக்காமல் நடக்கிறவர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். என் புருஷன் என்னையும் என் மகள் மணிமொழியையும் விட்டுவிட்டு எவளோடோ பெங்களூருக்குப் போன வருஷம் நான் அங்கே வேலை கேட்டு நின்றேன். என் தெரு எது என்று தெரிந்ததும் வேலைக்கிருந்த மற்ற பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். டப்பா கழுவுகிற வேலை கொடுத்தால் போதும் என்றுதான் நானே கேட்டேன். நைனார் என்னை நேராகத் தயிர் ஊற்றுகிற அறையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"தின்னுற பொருளுக்கு வேண்டியது சுத்தமான கை. அது யாரு கையா இருந்தா இன்னா?" என்றார். அந்த ஒரு பேச்சுக்காக நான் அந்த மனுஷனுக்குச் செருப்பாக உழைத்தேன்.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. ஆனால் ஒவ்வொரு படியும் சரியாக இருக்க வேண்டும். வந்த பாலை வடிகட்டி அண்டாவில் ஊற்றி, தொண்ணூறு டிகிரிக்குச் சூடேற்றி, ஆடை படியாமல் துழாவிக்கொண்டு அந்தச் சூட்டிலேயே கொஞ்ச நேரம் வைத்திருப்போம். பாலில் இருக்கிற கெட்ட கிருமி அதில் செத்துப்போகும், தயிரும் கெட்டியாக விழும். பிறகு அண்டாவைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி ஆற வைப்போம். நாற்பத்து மூன்று டிகிரிக்கு வந்ததும் உறை கலந்து, அண்டாவில் இருக்கிற குழாய் வழியாகக் கப்பில் பிடிக்க வேண்டும். அதுதான் என் வேலை. சோப்பு போட்டு முழங்கை வரை கழுவி, மருந்துத் தண்ணீரில் கையை முக்கி எடுத்து, தலையில் துணி கட்டி, வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். கப்பின் வெளிப்பக்கத்தைத்தான் தொடுவேன், உள்ளே விரல் படாது. ஊற்றியதும் மேலே அலுமினியத் தாள் மூடியை வைத்து மெஷினில் அழுத்துவேன். சூடான தட்டு கீழே இறங்கி மூடியை ஒட்டும். சீக்கிரம் எடுத்தால் ஓரம் ஒட்டாது, கொஞ்சம் தாமதித்தால் கப்பின் விளிம்பே உருகிவிடும். எனக்கு அந்தக் கணக்கு கையிலேயே இருந்தது. ஒட்டிய கப்புகளைக் கதகதப்பான பெட்டிக்குள் அடுக்கி, தயிர் உறைந்ததும் ஆட்டாமல் அசைக்காமல் குளிர் பெட்டிக்கு மாற்றுவோம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் நைனாருக்குப் பக்கவாதம் வந்தது.

வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு மட்டும் மெல்ல மெல்லத் திரும்பியது. அவர் மனைவி ஜெயமதி அக்கா கம்பெனியை எடுத்து நடத்தினார். நைனார் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். முதலில் ஒரு வேளை விட்டார், பிறகு குழம்பை விட்டார், பிறகு வெறும் கஞ்சித் தண்ணீர். "ஒண்ணுக்கும் ஆவாத உடம்புக்கு எதுக்குச் சோறு?" என்று கேட்டாராம். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் சேர்ந்து அழுதேன், வேறென்ன செய்வது?

ஒருநாள் பால் ஆறிக்கொண்டிருந்தபோது மூடாமல் வைத்த அண்டாவில் ஒரு ஈ விழுந்து செத்தது. நைனார் அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் வலது காலை இழுத்துக்கொண்டு, கோலை ஊன்றித் தானாகவே வந்தார். தோளில் வெள்ளைத் துணி போட்டிருந்தார். அண்டாவின் வாயில் துணியை விரித்து, கயிற்றைச் சுற்றி, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் முடிச்சுப் போட்டார். முதல் தடவை அவிழ்ந்துவிட்டது. ரெண்டாவது தடவையும் அவிழ்ந்தது. அப்புறம் பழகிவிட்டது. ஆவி பட்டுத் துணி நனைந்ததும் அதை அவிழ்த்துவிட்டு மாற்றுத் துணி கட்டுவார். ஒரு ஈ, ஒரு கொசு உள்ளே விழாது. அன்று மத்தியானம் அவர் சோறு கேட்டார். அக்கா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துணியை அவரே துவைப்பார். அவர்கள் வீட்டு வழக்கப்படி வடிகட்டுகிற துணியில் வெந்நீர் படக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் ஒட்டிக்கொண்டிருக்குமாம், வெந்நீர் ஊற்றினால் துடிதுடித்துச் சாகுமாம். பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலசி, அந்தத் தண்ணீரைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு, துணியை நிழலில் கொடி கட்டிக் காயப்போடுவார். தண்ணீர் வடிகட்டும் துணிக்கு இருந்த அதே முறையைத்தான் பால் மூடும் துணிக்கும் வைத்திருந்தார். வெயில் காலத்தில் துணி மொடமொடவென்று காய்ந்துவிடும், ஒரு தொந்தரவும் இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாத மழை. தீபத்துக்குக் கூட்டம் வரப்போகிறது, கேட்டதற்கு மேல் ஆர்டர். அந்த நேரம் பார்த்துத்தான் வந்தது வினை.

ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் சில கப்புகளை விற்காமல் எடுத்து வைப்போம். பாதி குளிரில் இருக்கும், பாதி வெளியே அலமாரியில் இருக்கும். மூடியில் ஒரு வாரத்துத் தேதி அடிக்கிறோமே, அதுவரை தயிர் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டாமா? தினம் ஒன்றைப் பிரித்து, தண்ணீர் விட்டிருக்கிறதா, வாடை எப்படி, ருசி எப்படி என்று பார்ப்போம். ருசி பார்ப்பது என் வேலை. ரெண்டு நாள் தாண்டிய தயிரை நைனார் வீட்டில் வாயில் வைக்க மாட்டார்கள். "நாங்க பாவம் பாக்குறோம், நீ ருசி பாரு" என்று அக்கா கிண்டல் செய்வார்.

அன்று அலமாரியில் இருந்த கப்பின் மூடி பூரி மாதிரி உப்பியிருந்தது. பிரித்தேன். புஸ்ஸென்று காற்று வந்தது, கள்ளு வாடை. குளிரில் இருந்ததைப் பிரித்தேன். அதிலும் லேசாக அதே வாடை. வாயில் வைத்ததும் நாக்கு சுருக்கென்றது.

நான் மறைக்கவில்லை. நேராக அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா கப்பைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்தார்.

"தனம், கையைக் காட்டு."

"எதுக்குக்கா?"

"காட்டுன்னா காட்டேன்."

நகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. இத்தனை வருஷம் இல்லாமல் இன்று என்ன என்று கேட்டுவிட வாய் வந்தது. மணிமொழியின் ஸ்கூல் பீஸ் ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை பரசுராமன் கப் அடுக்குகிற கிரேட் பெட்டியோடு வந்து இறங்கினார். உப்பிய கப்புகளை வாசலில் கவிழ்த்தார்.

"சாமி கும்பிட வந்தவங்க என் மூஞ்சி மேலயே வீசிட்டுப் போறாங்க! ஊத்துறது யாரு? அந்தத் தனந்தானே? அது எந்தத் தெருன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கையில தயிர் ஊத்த வுட்டா இப்படித்தான் ஆவும்."

"யோவ், என் கையில இன்னாய்யா இருக்குது? வந்து மோந்து பாருய்யா!" என்று கத்திக்கொண்டு நான் ஓடினேன். ரேணுகாம்பாள் என் இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். ரேணுகா மூடி ஒட்டுகிறபோது எனக்கு ஒத்தாசை செய்கிறவள், நல்ல பெண். ஆனால் அவள்கூட அன்று என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ஒவ்வொரு கடையாக ஆர்டரை நிறுத்தினார்கள். தெருக்குழாயில் என் மகளிடம் ஒருத்தி, "உங்கம்மா கை பட்டா தயிர் கள்ளாவுதாமே?" என்று கேட்டாளாம். மணிமொழி அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

நான் செய்யாததைச் செய்தேன் என்று சொன்னால் எப்படித் தாங்குவது, நீங்களே சொல்லுங்கள். கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் வெடித்துவிட்டது. மூடி அப்படியும் உப்பியது.

அப்போதுதான் அக்காவின் அண்ணன் மகன் அபிநந்தன் மெட்ராஸிலிருந்து வந்தான். பால் படிப்பு படித்துவிட்டு அங்கே ஒரு பெரிய பால் பண்ணையில் வேலை பார்க்கிறவன். வந்தவன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. உறையைப் பார்த்தான், குழாயைக் கழற்றிப் பார்த்தான், மூடி ஒட்டிய ஓரத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிக் காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். கடைசியில், "அத்தை, நாளைக்குப் பாலை ரெண்டு அண்டாவுல ஆற வைக்கலாம்" என்றான்.

ஒரே பால், ஒரே சூடு, ஒரே உறை. ஒரு அண்டாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்த எவர்சில்வர் மூடியால் மூடி, நைனார் வருவதற்குள் உள்ளறையில் வைத்துவிட்டோம். இன்னொன்றில் அவர் வழக்கம்போலத் துணி கட்டினார். ரெண்டையும் நானே ஊற்ற வேண்டும் என்று அபிநந்தன் சொல்லிவிட்டான். துணி மூடிய அண்டாவின் கப்புகளுக்கு மூடியில் மையால் ஒரு புள்ளி வைத்தான். எல்லாவற்றையும் வெளி அலமாரியில் அடுக்கினோம்.

சில நாள் போயிற்று. ஒரு காலையில் அலமாரியைத் திறந்தால், புள்ளி வைத்த மூடியெல்லாம் உப்பி நிற்கிறது. புள்ளி இல்லாததெல்லாம் தட்டையாக இருக்கிறது. அதில் தயிர் புளித்திருந்தது, ஆனால் கள்ளு வாடை இல்லை, காற்று இல்லை.

"துணி ஈரத்துல காயவே இல்ல, அத்தை. ஈரத்துணியில ஈஸ்ட் வளந்துடுச்சு, கள்ளைப் பொங்க வைக்குற கிருமி. பால் கொதிச்சூடா இருக்குறப்ப சொட்டுனா பரவாயில்ல, செத்துடும். ஆறுன பிறகு மாமா மாத்துத் துணி கட்டுறாரு பாருங்க, அதுலேருந்து சொட்டுறது அப்படியே கப்புக்குள்ள போயிடுது. தனம் அக்கா கையில ஒரு குத்தமும் இல்ல" என்றான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஓவென்று அழுதேன். இதோ, இப்போதே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பரசுராமன் கடை முன்னால் நின்று கத்துகிறேன் பார் என்று கிளம்பினேன். அக்கா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"தனம், உன் கால்ல வுழுறேன். அவருகிட்ட சொல்லிடாத."

"என்னக்கா சொல்றீங்க?"

"அந்தத் துணிய வெச்சுத்தான் அவரு உசுரோட இருக்குறாரு. அவரு கட்டுன துணியாலதான் கம்பெனி கெட்டுச்சுனு தெரிஞ்சா மறுபடியும் சுவத்தப் பாத்து உக்காந்துடுவாரு. இந்தத் தடவை கஞ்சித் தண்ணியக்கூடத் தொட மாட்டாரு. துணிய இனிமே பச்சைப்பாலு கேனுக்குக் கட்டச் சொல்லிடலாம், வேன்ல வர்ற தூசிக்குன்னு. அதுக்கப்புறம் பாலை எப்படியும் காய்ச்சுறோம், ஒண்ணும் ஆவாது. ஆறுற பாலுக்கு நாம எவர்சில்வர் மூடி போட்டுக்கலாம்."

"எல்லாம் சரிக்கா. என் பேரு?"

அக்கா சாத்திய கதவிலேயே சாய்ந்து நின்றார். அபிநந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. உங்கள் வீட்டுக்காரர் மனசு நோகக் கூடாது, என் மகள் தெருவில் தலை குனிந்து நடக்கலாமா? கதவைத் தள்ளித் திறந்துகொண்டு பின்பக்கம் போனேன். முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன், சத்தியமாக.

நைனார் கிணற்றடியில் உட்கார்ந்து துணியை அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போகிற சிரிப்பு.

"வாம்மா தனம். உன்னத்தான் கூப்புடணும்னு இருந்தேன். ஊருல இன்னான்னாமோ பேசுறானுங்களாமே?"

"ஆமாங்கய்யா."

"பேசட்டும். உன் கை இல்லன்னு எனக்குத் தெரியும்மா. வேற எதுலயோ இருக்குது. நான் கண்டுபுடிக்காம வுட மாட்டேன்." நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார். "நாளையிலேருந்து ஒவ்வொண்ணா பாக்கப்போறேன். முதல்ல கப்பு. அப்புறம் மூடி. அப்புறம் தண்ணி. எதுலயும் இல்லனா, என் துணியில இருக்குதான்னும் பாத்துடணும். எதையும் வுடக் கூடாது. உன் பேரு கெட்டுப்போவ நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுத் துணியைப் பிழியப் பார்த்தார். ஒரு நுனியைக் கால் விரலுக்குள் மாட்டிக்கொண்டு, மறு நுனியை இடது கையால் முறுக்கினார். தண்ணீர் சரியாகப் போகவில்லை. ஐயோ, இந்த ஊரில் என்னை நம்புகிறது இந்த ஒரு மனுஷன். இவரைத் தேட விட்டால் இவர் கண்டுபிடித்தே தீருவார். அப்படிப்பட்டவர்தான். எனக்காகத் தேடப் போய்த் தன் துணியில் வந்து நிற்பார்.

"வேணாங்கய்யா, தேடாதீங்க," என்றேன். "என் கைதாங்க."

அவர் நிமிர்ந்தார்.

"நகச்சுத்து வந்துச்சுங்க. பெருவிரல்ல. சீழ் கட்டியிருந்துச்சு. சொன்னா வேலை போயிடுமோன்னு பயந்து மறைச்சுட்டு ஊத்திட்டேன்."

எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. விரலைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன். தோல் வெடித்த கைதானே, காட்டியிருந்தாலும் நம்பியிருப்பார். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் எதையாவது கத்தி, உண்மை வெளியே வந்திருக்குமோ என்னவோ. அவர் திட்டவில்லை.

"ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பிறகு துணியை எடுத்து மறுபடியும் அலசத் தொடங்கினார். நான் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தார். நான் கையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

தயிர் ஊற்றுகிற வேலை ரேணுகாவுக்குப் போயிற்று. நைனாரே அப்படிச் சொல்லிவிட்டார், அக்காவால் மறுத்துப் பேச முடியவில்லை. நான் கிரேட் கழுவினேன். துணி பச்சைப்பால் கேனுக்குப் போயிற்று, அண்டாவுக்கு எவர்சில்வர் மூடி வந்தது. நைனார் கேன் கேனாகத் துணி கட்டினார், முன்னைவிட வேலை ஜாஸ்தி, சந்தோஷமாகச் செய்தார். எடுத்து வைத்த கப்புகள் வாரம் தாண்டியும் தட்டையாக நின்றன. கேட்க வேண்டுமா? கை மாறியதும் தயிர் சரியாகிவிட்டது என்று ஊர் பூராவும் பேச்சு. பரசுராமன் மறுபடியும் ஆர்டர் கொடுத்தார். கொடுக்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நன்றாக நிற்கிற ஒவ்வொரு கப்பும் நான்தான் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மணிமொழியிடம் மட்டுமாவது சொல்லிவிடலாமா என்று எத்தனையோ தடவை நினைத்தேன். சின்னப் பெண், என் மாதிரியே வாய். அன்றைக்கே நைனார் காதுக்குப் போய்விடும். சொல்லவில்லை. அவள் இன்றைக்கும் என் கையை ஒரு மாதிரி பார்க்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நைனார் என்னை ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை. பொங்கலுக்கு மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரியே எனக்கும் புடவை கொடுத்தார். மகள் படிப்பை விசாரிப்பார். அப்படித்தான் ஒருநாள் சாயங்காலம், பொழுது இறங்குவதற்கு முன்னால், அவருக்குச் சாப்பாட்டோடு அன்றைக்கு உறைந்த தயிர் வேண்டும் என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, குளிர் பெட்டியிலிருந்து ஒரு கப்பை எடுத்துப்போய் அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் கப்பைத் தொடவில்லை. என் மனசு நோகாமல் கேட்க வேண்டும் என்று தவித்தது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"தப்பா நெனைக்காதம்மா," என்றார். "இது யாரு ஊத்துனது?"

"ரேணுகாதாங்கய்யா," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, இடது கையால் மூடியைக் கிழித்து, சோற்றில் தயிரை ஊற்றிக்கொண்டார்.